40 காசுப் பங்கின் முழு விலை

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். வருமான வரிப் பாரம் நிரப்ப வருகிறவர்கள் கூடவே பங்கு பற்றியும் ஒரு கேள்வி கொண்டுவருவார்கள். போன ஏப்ரலில் வந்தவர் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி. இரண்டு செம்பனைக் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளை மேசைமேல் வைத்தார்.

“தம்பி, ரெண்டுக்கும் 8,000 ஹெக்டர். ஒரு கம்பெனி பங்கு 3 வெள்ளி, இன்னொண்ணு 40 காசுதான். மலிவா இருக்கே, வாங்கிடட்டுமா?”

வாங்கு, விற்றுவிடு என்று சொல்ல எனக்கு உரிமம் இல்லை. கணக்கைப் போட்டுக் காட்டலாம். (எண்களை இங்கே முழு எண்ணாக மாற்றியிருக்கிறேன்.)

முதல் கம்பெனிக்கு 100 மில்லியன் பங்குகள். 3 வெள்ளியால் பெருக்கினால் 300 மில்லியன். இரண்டாவதுக்கு 500 மில்லியன் பங்குகள். 40 காசு வீதம் 200 மில்லியன். இதுதான் சந்தை மதிப்பு. “அப்பவும் ரெண்டாவதுதானே மலிவு?” என்றார்.

“ஐயா, சம்போங் பாயாரில் கார் வாங்கினவங்களைப் பார்த்திருப்பீங்களே” என்றேன். ஒருவருடைய காரை எடுத்துக்கொண்டு, அதன் மீதிக் கடனை நாம் தொடர்ந்து கட்டுவதுதான் அது. வங்கிக்குத் தெரியாமல் செய்தால் சட்டச் சிக்கல் வரும், அது வேறு கதை. காரை வைத்திருப்பவர் கையில் 8,000 வெள்ளி கொடுக்கிறோம். வங்கிக்கு இன்னும் 32,000 பாக்கி. காரின் விலை 8,000 இல்லை, 40,000. காருக்குள் யாரோ 1,000 வெள்ளியை விட்டுவிட்டுப் போயிருந்தால் நமக்கு 39,000தான் ஆகிறது. சந்தை மதிப்பு என்பது அந்த 8,000 மாதிரி. அதோடு கடனைக் கூட்டி, ரொக்கத்தைக் கழித்தால் வருவது நிறுவன மதிப்பு. கம்பெனியை முழுதாக வாங்குகிறவர் உண்மையில் சுமக்கும் விலை.

இரண்டாவது கம்பெனியின் கடன் 130 மில்லியன் என்று அவரே குறித்து வைத்திருந்தார். அது நீண்டகாலக் கடன் வரி மட்டும். கொஞ்சம் கீழே, குறுகியகாலக் கடன் 40. அதையும் தாண்டித் தனி வரியில் சுக்குக் என்ற இஸ்லாமிய நிதிப் பத்திரம் 90. பெயர் வேறானாலும் சுக்குக்கும் திருப்பிக் கட்ட வேண்டிய பணம்தான். ஆக 260. ரொக்கம் 20. நிறுவன மதிப்பு 440 மில்லியன்.

முதல் கம்பெனிக்குக் கடனே இல்லை, ரொக்கம் 60. அப்படியானால் 240 மில்லியன். ஆனால் இங்கே ஒரு பொறி இருந்தது. அந்த 60 டிசம்பர் 31 அன்று இருந்த பணம். அதற்குப் பிறகு 20 மில்லியன் லாப ஈவு கொடுத்து முடித்திருந்தார்கள். 3 வெள்ளி விலையோ ஈவு போன பிறகு உள்ள விலை. இன்றைய விலையையும் பழைய ரொக்கத்தையும் ஒரே கணக்கில் போட்டால் கம்பெனி இருப்பதைவிட மலிவாகத் தெரியும். நானே ஆரம்பத்தில் இதில் ஏமாந்திருக்கிறேன். 40ஐ மட்டும் கழித்தால் 260 மில்லியன்.

வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம் இரண்டுக்கும் 40 மில்லியன். முதலாவது அதைப்போல் ஆறரை மடங்கு விலையில் கிடைக்கிறது. இரண்டாவது 11 மடங்கு. ஹெக்டர் கணக்கில் பார்த்தால் 32,500 வெள்ளியும் 55,000 வெள்ளியும். அதே 8,000 ஹெக்டர்தான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எண்ணெய் விலை விழுந்தா?” என்று கேட்டார். சரியான கேள்வி. இரண்டு கம்பெனிகளின் நிறுவன மதிப்பும் பத்தில் ஒரு பங்கு குறைவதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவதில் 440 என்பது 396 ஆகும். கடன் குறையாது, ரொக்கம் போக அது 240. பங்குதாரருக்கு மிஞ்சுவது 156, அதாவது 22 சதவீத இழப்பு. முதலாவதில் 260 என்பது 234 ஆகும். ரொக்கம் 40ஐச் சேர்த்தால் 274. இழப்பு 9 சதவீதத்துக்கும் குறைவு. விலை ஏறினால் இதே கடன் இரண்டாவது கம்பெனியின் பங்கை வேகமாகத் தூக்கும் என்பதையும் சொல்லிவிட்டேன். 40 காசுப் பங்குக்கு ஆள் சேர்வது பெரும்பாலும் அந்த ஆசையில்தான்.

நிறுவன மதிப்புக்குத் தெரியாத விஷயமும் உண்டு. பழைய கிரயத்தில் எழுதிய நிலம் இன்று வீடமைப்புக்குப் போனால் என்ன விலை பெறும் என்பதை அது சொல்லாது. மரத்தின் வயதையும் சொல்லாது. இதைச் சொன்னதும் கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாவது அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். மரங்களின் வயது அட்டவணையில் விரல் ஓடி, 20 வயதுக்கு மேல் என்ற வரியில் நின்றது. பாதிக் காடு அதில் இருந்தது.

“தம்பி, இதெல்லாம் சீக்கிரம் சாய்க்க வேண்டிய மரம். புதுசு நட்டா மூணு வருஷத்துக்குக் குலை கிடையாது. அந்தச் செலவுக்குக் காசு எங்க இருக்கு, இந்த 20 மில்லியன்லயா?”

காகிதத்தில் 260 என்று எழுதியிருந்த கடனுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கூட்டல் குறி போட்டார்.