சில்டெனாஃபில் எதைத் தடுக்கிறது, எதைச் செய்யாது

வயாகரா என்ற பெயரில் விற்கப்படும், ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்துதான் சில்டெனாஃபில். மாத்திரையைப் போட்டதும் அது தானாகவே ரத்தக் குழாயை விரித்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது எந்தச் சமிக்ஞையையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உண்டான சமிக்ஞை அழிவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். இந்த மருந்து எங்கே வேலை செய்யும், எங்கே கைவிடும், எப்போது உயிருக்கே ஆபத்தாகும் என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே புரியும்.

சமிக்ஞையின் தொடக்கம் நைட்ரிக் ஆக்சைடு. ரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களும் சில நரம்பு முனைகளும் அதைச் சுரக்கின்றன. சில நொடிகளே வாழும் அந்த வாயு மூலக்கூறு, பக்கத்திலுள்ள மென்தசைச் செல்லுக்குள் நேராக ஊடுருவி, குவானிலேட் சைக்ளேஸ் என்ற நொதியின் இரும்பு அணுவில் ஒட்டிக்கொள்கிறது. விழித்துக்கொண்ட நொதி, ஜிடிபி என்ற மூலக்கூறை வளைத்துச் சைக்ளிக் ஜிஎம்பி ஆக்குகிறது. சைக்ளிக் ஜிஎம்பி புரோட்டீன் கைனேஸ்-ஜி என்ற நொதியைத் தூண்ட, அது செல்லின் கால்சிய அளவைக் குறைக்கிறது. கால்சியம் குறைந்தால் தசை இறுக்கத்தை விடும், குழாய் விரியும்.

இதற்கு முற்றுப்புள்ளி வைப்பது பாஸ்போடைஎஸ்டரேஸ்-5, சுருக்கமாக பிடிஇ-5. துத்தநாகமும் மெக்னீசியமும் பதிந்த அதன் குழிக்குள் சைக்ளிக் ஜிஎம்பி நுழைந்ததும் வளையம் வெட்டப்பட்டுச் சாதாரண ஜிஎம்பி ஆகிவிடும். அதற்குத் தசையைத் தளர்த்தும் திறன் இல்லை. குழிக்குள் சைக்ளிக் ஜிஎம்பியின் குவானின் பகுதியைப் பிடித்துக்கொள்வது 817ஆம் இடத்திலுள்ள குளூட்டமின். சில்டெனாஃபிலின் இரட்டை வளையத் தலை குவானினைப் போலவே இருப்பதால் அதே குளூட்டமினைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அதில் வெட்டுவதற்கான பாஸ்பேட் வளையம் இல்லை. எனவே நொதி வெட்டவும் முடியாமல், அடுத்த மூலக்கூறுக்கு இடம் கொடுக்கவும் முடியாமல் நிற்கும். இந்தப் பிணைப்பு நிரந்தரமல்ல. ரத்தத்தில் மருந்து குறையக் குறைய விலகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 100 மில்லிகிராம் எடுத்தால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்ச அளவு வரும். அதில் 96 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கிடக்க, கட்டற்று இருப்பது சுமார் 38 நானோமோலார். பிடிஇ-5இன் பாதியை முடக்க 4 நானோமோலார் போதும். தசைச் செல்லிலும் இதே அளவு இருப்பதாகக் கொண்டால், 38ஐ 42ஆல் வகுக்க, பத்தில் ஒன்பது பங்கு நொதி முடங்கியிருக்கும். அழிவு பத்தில் ஒன்றாகிறது. உற்பத்தி மாறாவிட்டால் சைக்ளிக் ஜிஎம்பி பத்து மடங்கு வரை ஏறலாம். (நிஜ செல்லில் வேறு பிடிஇ நொதிகளும் வெட்டுவதால் அவ்வளவு ஏறாது.)

ஆனால் உற்பத்தி பூஜ்யமானால் பத்து மடங்கும் பூஜ்யம்தான். பாலியல் தூண்டுதல் இல்லாமல் மாத்திரை விறைப்பைத் தராததற்கும், நீண்டகால நீரிழிவிலோ, புரோஸ்டேட் அறுவையில் நரம்பு அறுபட்ட பின்போ அது பலருக்குப் பலிக்காததற்கும் காரணம் இதுவே. அங்கே நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வேண்டிய நரம்பும் உட்சுவரும் பழுதாகியிருக்கும். அளவைக் கூட்டினால் பக்க விளைவுதான் கூடும்.

அந்தப் பக்க விளைவிலும் இதே கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. விழித்திரையின் ஒளி உணர் செல்களில் பிடிஇ-6 என்ற உறவுக்கார நொதி உண்டு. அதைப் பாதி முடக்க, பிடிஇ-5க்குத் தேவைப்படுவதைப்போல் சுமார் பத்து மடங்கு மருந்து வேண்டும். அதாவது 40 நானோமோலாருக்குப் பக்கம். 100 மில்லிகிராமின் உச்சமும் அங்கேதானே நிற்கிறது! சிலருக்குச் சில மணி நேரம் எல்லாம் நீலம் பாய்ந்து தெரிவது அதனால்தான். 25 மில்லிகிராமில் இது அரிது.

பெரிய ஆபத்து நைட்ரேட் மருந்துகளோடு சேரும்போது வருகிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறுகிறது. தனியாக எடுக்கும் சில்டெனாஃபில் ரத்த அழுத்தத்தைச் சராசரியாக 8/5 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கே இறக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒருபக்கம் உற்பத்தி எகிறும், மறுபக்கம் அழிவு நின்றிருக்கும். விளைவுகள் கூடுவதில்லை, பெருகுகின்றன. உடலெங்கும் குழாய்கள் விரிந்து, இதயத்துக்கே ரத்தம் போதாமல் போகலாம். தொடர்ந்து நைட்ரேட் எடுப்பவர்கள் சில்டெனாஃபிலைத் தொடவே கூடாது. மாத்திரை எடுத்தவருக்கு நெஞ்சுவலி வந்தால், எப்போது எடுத்தார் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டும். வழக்கமாக 24 மணி நேரத்துக்கு நைட்ரேட் தரமாட்டார்கள்.

அந்த 24 மணி நேரம், மருந்தின் அரை ஆயுள் நான்கு மணி நேரம் என்பதை நம்பி வகுத்தது. ஈரலில் இதைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்து முடக்கினால், உடல் சந்திக்கும் மொத்த அளவு 11 மடங்காகிறது. அதனால் ரிட்டோனாவிர் எடுப்பவருக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நைட்ரேட்டுக்கான இடைவெளியையும் 24 மணி நேரத்தோடு முடித்துவிடக் கூடாது.