கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமியின் பெயர் மாறினால்

சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும் நோயாளிகளின் வீட்டார் பழைய ரிப்போர்ட்டுகளை ஒரு கவரில் போட்டு எடுத்து வருவார்கள். சில வருடங்களுக்கு முந்தைய தாளில் ‘எண்டெரோபாக்டர் ஏரோஜெனஸ்’ என்றிருக்கும், இப்போதைய தாளில் ‘கிளெப்சியெல்லா ஏரோஜெனஸ்’ என்றிருக்கும். “இது புதுக் கிருமியா டாக்டர்?” என்று எங்கள் லேபில் அடிக்கடி கேட்கிறார்கள். இல்லை, இரண்டும் ஒரே கிருமிதான். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறுகிற மாதிரி.

பாக்டீரியாவின் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். செடிகொடிகளுக்கு லின்னேயஸ் 1753இல் வகுத்த முறைதான் இங்கும். ஆனால் செடியில் இலையையும் பூவையும் பார்க்கலாம். பாக்டீரியாவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குச்சியும் உருண்டையும்தான் தெரியும். அதனால் அது எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது, நகர்கிறதா, எந்த அமினோ அமிலத்தைச் சிதைக்கிறது என்று சோதனைக் குழாய்களில் பார்த்து இனம் பிரித்தார்கள். நம் கிருமி நகரும், ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும். கிளெப்சியெல்லா நிமோனியே இரண்டையும் செய்யாது, ஆனால் யூரியாவைச் சிதைக்கும். இந்த வித்தியாசத்தை வைத்து 1960இல் ஏரோஜெனஸை எண்டெரோபாக்டர் பேரினத்தில் சேர்த்தார்கள்.

ஒத்துக்கொள்ளாதவர்கள் அப்போதே இருந்தார்கள். ‘நகர்கிறது என்பதைத் தவிர மற்றபடி இது கிளெப்சியெல்லாதான்’ என்று சொல்லி 1971இல் கிளெப்சியெல்லா மொபிலிஸ் என்ற பெயரை முன்வைத்தார்கள். இதற்கிடையில் பாக்டீரியாப் பெயர்கள் கணக்கில்லாமல் பெருகிவிட்டதால், 1980இல் ஒரு பட்டியல் போட்டு, அதில் இல்லாத பழைய பெயர்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பட்டியலிலேயே எண்டெரோபாக்டர் ஏரோஜெனஸும் கிளெப்சியெல்லா மொபிலிஸும் தனித்தனியாக இடம்பிடித்தன. இரண்டுக்கும் மூலமாதிரி ATCC 13048 என்ற ஒரே வளர்ப்புதான். ஒரு சிற்றினத்தின் பெயர் இப்படிச் சேமித்து வைத்த ஒரு மூலமாதிரியோடு கட்டப்பட்டிருக்கும். சந்தேகம் வந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

சரி, சண்டையை எது தீர்த்தது? மரபணு வரிசைதான். ரைபோசோமைச் சேர்ந்த 16S மரபணு எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிறது, சுமார் 1,500 எழுத்து நீளம். அதன் எழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை வைத்து வம்சமரம் வரையலாம் என்று 1970களில் கார்ல் வோஸ் காட்டினார். ஆனால் ஏரோஜெனஸ் சேர்ந்த குடும்பத்துக் கிருமிகளிடம் அது அவ்வளவாகப் பலிக்காது. 16S வரிசை ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருப்பதால் கிளைகள் தெளிவாகப் பிரியாது. ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும்கூட அதால் பிரிக்க முடியாது. அதனால் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டார்கள். அப்போது ஏரோஜெனஸ் எண்டெரோபாக்டர் கிளையை விட்டு கிளெப்சியெல்லா கிளையில் போய் உட்கார்ந்தது. 2017இல் மூலமாதிரிச் சிக்கலையும் விதிப்படி அலசி, கிளெப்சியெல்லா ஏரோஜெனஸ் என்பதே சரியான பெயர் என்று எழுதினார்கள். பழைய பிரிட்டிஷ் புத்தகங்களில் இதே பெயர் வேறொரு கிருமியைக் குறித்தது என்பது எங்களுக்குக் கூடுதல் தலைவலி.

எனக்கு இதில் கவலை பெயரைப் பற்றியல்ல, மருந்தைப் பற்றி. கிளெப்சியெல்லா என்று பார்த்ததும் பல மருத்துவர்களின் நினைவுக்கு வருவது நிமோனியேதான். ஆனால் ஏரோஜெனஸிடம், சில ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சிதைக்கும் ஆம்ப்-சி என்ற நொதிக்கான மரபணு பிறவியிலேயே இருக்கிறது. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் இதனிடம் வேலை செய்யாது, செஃபசோலினும் அப்படியே. இதைவிட ஆபத்து, செஃப்ட்ரியாக்சோன் லேப் தட்டில் ‘சென்சிடிவ்’ என்று காட்டினாலும், மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே அந்த நொதியை ஏராளமாகச் சுரக்கும் கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகக்கூடும். காய்ச்சல் இறங்கி மறுபடி ஏறினால், மீண்டும் எடுத்த கல்ச்சரில் அதே கிருமி இப்போது ‘ரெசிஸ்டன்ட்’ என்று வரலாம். இரத்தத்தில் இந்தக் கிருமி வந்தால் செஃப்ட்ரியாக்சோனை நம்பாமல், செஃபிபைம் சென்சிடிவாக இருந்தால் அதைக் கொடுப்பது நல்லது. எண்டெரோபாக்டர் என்ற பழைய பெயர் இந்த எச்சரிக்கையைத் தானாகவே தந்துகொண்டிருந்தது. புதுப் பெயரில் அது போய்விட்டது.

அதனால் ரிப்போர்ட்டில் புதுப் பெயருக்குப் பக்கத்திலேயே பழைய பெயரையும் அச்சிட்டு, ஆம்ப்-சி பற்றி ஒரு வரி குறிப்பும் சேர்க்கிறோம். கிருமியை அடையாளம் காணும் கருவியின் மென்பொருள் புதுப்பிக்கப்படும் நாளில்தான் பெயர்கள் சட்டென்று மாறும், எனவே இரண்டு லேப்களின் ரிப்போர்ட்டில் ஒரே கிருமிக்கு வேறு பெயர் இருப்பது சகஜம். உங்களிடம் அப்படி இரண்டு தாள் இருந்தால் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரை நீங்களே சரிபார்க்க வேண்டுமென்றால் lpsn.dsmz.de தளத்தில் பழைய பெயரைத் தட்டினால் போதும், இன்றைய பெயர் என்ன என்பது அங்கேயே தெரியும்.