டாலர் வாங்கிய பணத்தைத் திரும்ப எடுப்பது எப்படி?

வங்கியின் கருவூலப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் காலையில் முதலில் பார்ப்பது ரிசர்வ் வங்கியில் தங்கள் வங்கிக்கு உள்ள நடப்புக் கணக்கின் இருப்பைத்தான். டாலர் வாங்கும்போது வெளியே விட்ட ரூபாயை ரிசர்வ் வங்கி எப்படித் திரும்ப எடுக்கிறது என்பதை அந்த ஒரு எண்ணை வைத்தே விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். "ரிசர்வ் வங்கி டாலரை வாங்கிக் குவிக்கிறது, அப்படியானால் ரூபாய் அச்சடிக்கிறது, விலைவாசி ஏறும்" என்று நண்பர்கள் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டு முதலீடு வெள்ளமாக வருகிறது. ரூபாய் மதிப்பு வேகமாக ஏறினால் ஏற்றுமதியாளர்கள் அடிபடுவார்கள் என்று ரிசர்வ் வங்கி 100 கோடி டாலரை வாங்குகிறது. விலை 45 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேலை நாள் கழித்து டாலர் அதன் வெளிநாட்டுக் கணக்குக்குப் போய்ச் சேரும். அதே நாளில், விற்ற வங்கிகளின் நடப்புக் கணக்கில் 4,500 கோடி ரூபாய் வரவாகும். இந்த ரூபாய் வேறு யாருடைய கணக்கிலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. அந்த வரவுப் பதிவிலேயே புதிதாகப் பிறந்தது. இப்படியே விட்டால் வங்கிகளிடம் பணம் மிதக்கும், வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் ஒருநாள் கடனின் வட்டி சரியும், கடன் கொடுப்பது பெருகும்.

அதனால் ரிசர்வ் வங்கி தன் கையிலுள்ள அரசுக் கடன் பத்திரங்களில் 4,500 கோடிக்கு விற்கிறது. வாங்கும் வங்கிகளின் நடப்புக் கணக்கிலிருந்து அதே தொகை பற்றாகிறது. வந்த பணம் போய்விட்டது. ரிசர்வ் வங்கியின் சொத்துப் பக்கத்தில் பத்திரம் குறைந்து டாலர் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இதைத்தான் ஸ்டெரிலைசேஷன் என்கிறோம்.

சரி, பத்திரம் தீர்ந்துபோனால்? 2003 வாக்கில் அந்த நிலைமைதான் நெருங்கியது. ரிவர்ஸ் ரெப்போ மூலம் வங்கிகளின் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சில நாட்களுக்கான ஏற்பாடு. தவணை முடிந்ததும் பணம் வட்டியோடு வங்கிகளிடமே திரும்பி வந்துவிடும், மறுபடி இழுக்க வேண்டும். அதற்கும் ஈடாகப் பத்திரம் கொடுக்க வேண்டும். ரிசர்வ் வங்கியே சொந்தமாகப் பத்திரம் வெளியிடவும் சட்டத்தில் இடமில்லை.

இதற்குக் கண்டுபிடித்த வழி, 2004 ஏப்ரலில் தொடங்கிய சந்தை நிலைப்படுத்தல் திட்டம். வேலை செய்பவர்கள் சுருக்கமாக எம்.எஸ்.எஸ். என்பார்கள். மத்திய அரசு தன் செலவுக்குத் தேவையில்லாமலேயே பத்திரமும், ஓராண்டுக்குள் முதிரும் கடன் பத்திரமான கருவூல உண்டியலும் வெளியிடும். கிடைக்கும் பணம் ரிசர்வ் வங்கியில் தனிக் கணக்கில் பூட்டப்படும். அந்தப் பத்திரங்கள் முதிரும்போது திருப்பித் தரவோ முன்னதாகத் திரும்ப வாங்கவோ தவிர அரசு அதைத் தொடக் கூடாது. முதலில் வைத்த உச்சவரம்பு 60,000 கோடி ரூபாய். 2007-ல் டாலர் கொட்டியபோது அதை 2,50,000 கோடி வரை உயர்த்த வேண்டியிருந்தது.

பலரும் கவனிக்காத இடம் செலவு. அந்த 4,500 கோடிப் பத்திரத்துக்கு 5 சதவீத வட்டி, வாங்கிய டாலரில் கிடைப்பது 1 சதவீதம் என்றால், ஆண்டுக்கு 180 கோடி ரூபாய் கைநஷ்டம். எம்.எஸ்.எஸ். பத்திரத்தின் வட்டி அரசின் பட்ஜெட்டிலிருந்தே போகிறது, அதாவது நம் வரிப் பணம். பிறகு டாலர் 42 ரூபாய்க்கு இறங்கினால் கையிருப்பின் ரூபாய் மதிப்பில் இன்னொரு 300 கோடி குறையும். அந்நியச் செலாவணிக் கையிருப்பு கூடியதை வெறும் லாபமாகப் பேசும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பத்திரங்களை விற்றுக்கொண்டே இருந்தால் உள்நாட்டு வட்டி இறங்காது. அந்த வட்டியைப் பார்த்தே இன்னும் டாலர் உள்ளே வரும். வர வர வாங்க வேண்டும், வாங்க வாங்க விற்க வேண்டும். கொஞ்ச காலத்துக்குத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் வட்டிச் சுமை ஏறிக்கொண்டே போகும்.

ரிசர்வ் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்ததா என்று நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி வாராவாரம் தன் கணக்கு நிலையை வெளியிடுகிறது. வெளிநாட்டுச் சொத்து ஏறியும், புழக்கத்தில் உள்ள நோட்டும் வங்கிகளின் இருப்பும் சேர்ந்த அடிப்படைப் பணம் அதே அளவுக்கு ஏறாமல், உள்நாட்டுச் சொத்து குறைந்தோ அரசின் வைப்பு கூடியோ இருந்தால் பணம் உறிஞ்சப்பட்டிருக்கிறது. ஒரு வாரத்தை வைத்து மட்டும் சொல்லிவிடாதீர்கள். யூரோவின் மதிப்பு ஏறினாலே, ஒரு டாலர்கூட வாங்காமல், டாலரில் சொல்லப்படும் கையிருப்பு கூடிவிடும். பல வாரங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

2008-ல் காற்று திசை மாறியது. முதலீடு வெளியேறியது, ரிசர்வ் வங்கி டாலரை விற்றது, ரூபாய் வங்கிகளின் கணக்கிலிருந்து வற்றியது. அப்போது பூட்டி வைத்த அந்தப் பணம்தான் கைகொடுத்தது. எம்.எஸ்.எஸ். பத்திரங்கள் திரும்ப வாங்கப்பட்டன, முதிர்ந்தவற்றுக்குப் பதிலாகப் புதிதாக வெளியிடவில்லை. முன்பு இழுத்த ரூபாய் அதே நடப்புக் கணக்குகளுக்குத் திரும்பிப் போனது.