பத்தடி வளையமும் மணிவடிவ வளைகோடும்

சர்வதேச வாலிபால் ஆட்டம் ஒன்றைப் பார்த்தால், ஒவ்வோர் அணியிலும் ஒருவர் மட்டும் வேறு நிறச் சட்டையில் இருப்பார். அவர் லிபரோ. 1998-இல் விதிகளில் சேர்க்கப்பட்ட இந்த ஆட்டக்காரர் பின்வரிசையில் மட்டுமே ஆடலாம். பிளாக் போகக் கூடாது. வலையின் மேல்விளிம்பைவிட உயரத்தில் இருக்கும் பந்தை எதிரணிப் பக்கம் அடிக்கவும் கூடாது. பெரும்பாலும் அணியில் உயரம் குறைந்தவர்களில் ஒருவர் இவராகவே இருப்பார். மற்றவர்கள் செய்யும் பயிற்சிதான் இவருக்கும். ஆண்டுக்கணக்கில் குதிக்கிறார், ஓடுகிறார். ஆனால் 2.43 மீட்டர் வலைக்கு மேலே இவருக்கு வேலை இல்லை. அதனால் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போது யாரும் உயரம் தேடுவதில்லை.

விளையாடுவதால் உயரம் கூடுகிறது என்ற நம்பிக்கைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. ஒருவர் எவ்வளவு வளர்வார் என்பதைப் பெரும்பாலும் மரபணுக்களும், ஓரளவு சிறுவயது ஊட்டச்சத்தும் ஆரோக்கியமும் தீர்மானிக்கின்றன. வலையும் 3.05 மீட்டர் உயரத்தில், அதாவது பத்தடியில், இருக்கும் கூடைப்பந்து வளையமும் யாரையும் வளர்ப்பதில்லை, வளர்ந்தவர்களைப் பொறுக்கி எடுக்கின்றன.

அந்தப் பொறுக்கல் எவ்வளவு கடுமையானது என்பதைக் கணக்குப் போட்டால்தான் விளங்கும். அமெரிக்க ஆண்களின் சராசரி உயரம் சுமார் 175 செ.மீ. அந்தச் சராசரியிலிருந்து ஆட்கள் எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறார்கள் என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரங்கள், நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் வாலாக மெலியும் மணிவடிவ வளைகோட்டில் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டு, படிக்கு 7.5 செ.மீ. என்று ஏறிப் பார்ப்போம். 190 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பவர் 44 பேரில் ஒருவர். 197.5-க்குப் போனால் 740 பேரில் ஒருவர். 205-இல் சுமார் 31,600 பேரில் ஒருவர். 212.5-இல், அதாவது கிட்டத்தட்ட ஏழடியில், 35 லட்சம் பேரில் ஒருவர்.

நான்கு படிகளுக்கும் இடைவெளி ஒன்றேதான். ஆனால் முதல் படியிலிருந்து இரண்டாவதுக்கு ஏறும்போது ஆட்களின் எண்ணிக்கை 17 மடங்கு சுருங்குகிறது, அடுத்து 43 மடங்கு, அதற்கடுத்து 110 மடங்கு. வளைகோட்டின் வால் வெறுமனே மெலியவில்லை. மெலியும் வேகமே படிக்குப் படி கூடுகிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் வீரர்களின் சராசரி உயரம் இரண்டு மீட்டரை ஒட்டியது. பொதுமக்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வாய்க்காத உயரம் அங்கே சாதாரண உயரம்.

இதே கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியவரும். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலே வால் பெருமளவு பருத்துவிடும். நெதர்லாந்து ஆண்களின் சராசரி சுமார் 183 செ.மீ. திட்ட விலக்கம் அதே அளவு என்று கொண்டால், 205 செ.மீ. ஆள் அங்கே சுமார் 600, 700 பேரில் ஒருவராகக் கிடைப்பார். தெருவில் பார்த்தால் எட்டு செ.மீ. வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது, அணித் தேர்வாளருக்கோ அது ஏறத்தாழ ஐம்பது மடங்கு ஆட்கள். ஒன்றரைக் கோடி பேரே இருந்த அந்த நாடு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆண்கள் வாலிபால் தங்கத்தை வென்றதற்கு உயரம் மட்டும் காரணமல்ல, ஆனாலும் உயர்ந்தவர்களுக்கு அங்கே பஞ்சம் இருக்கவில்லை.

வாலின் கடைசி நுனியில் இந்த வளைகோட்டை அப்படியே நம்பக் கூடாது. அது சொல்வதைவிட அதிகம் பேர் அங்கே இருப்பார்கள். என்.பி.ஏ.வில் ஆடிய 231 செ.மீ. உயர ருமேனியர் கியோர்கே முரேசானின் வளர்ச்சிக்குக் காரணம் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு. அதே உயரம் கொண்ட மனூட் போல், உயரத்துக்குப் பேர்போன, இன்றைய தெற்கு சூடானின் டிங்கா மக்களில் ஒருவர். நோயும், வெவ்வேறு சராசரி கொண்ட மக்கள் கலந்திருப்பதும் ஒற்றை வளைகோட்டுக்குள் அடங்குவதில்லை.

இனி, பலரும் சறுக்கும் இடம். என்.பி.ஏ. வீரர்களை மட்டும் எடுத்து, உயரமானவர்கள்தான் சிறந்தவர்களா என்று பார்த்தால் தொடர்பு மிகவும் மங்கலாகத் தெரியும். அதனால் உயரத்துக்கு மதிப்பில்லை என்று முடிவுகட்டுகிறார்கள். 160 செ.மீ. உயரத்தோடு 14 பருவங்கள் ஆடிய மக்ஸி போக்ஸைச் சான்றாகக் காட்டுவார்கள். ஆனால் அவர் தேர்வைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர். அந்த உயரத்தோடு அந்த வாசலைக் கடக்க அசாத்திய வேகமும், பந்தைப் பறிக்கும் கையும், ஆட்டத்தைப் படிக்கும் கண்ணும் வேண்டும். ஏழடி ஆளுக்கு இவற்றில் கொஞ்சம் குறைந்தாலும் வாசல் திறக்கும். ஆக, உள்ளே இருப்பவர்களில் குட்டையானவர்கள் மற்றத் திறன்களில் மிஞ்சி நிற்பார்கள். உயரத்தின் பலன் கணக்கில் மறைந்துவிடும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் தேர்வாகாமல் வெளியே நிற்பவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். 160 செ.மீ. உயரமுள்ள ஆண்கள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், என்.பி.ஏ. வரலாற்றிலேயே அவ்வளவு உயரத்தில் ஆடியவர் போக்ஸ் ஒருவர்தான்.