சொல் விளக்கம்: வேகம் வரையறுக்கும் படி

பல படிகளாக நடக்கும் வினையில் ஆக மெதுவான படியை வேதியியல் வகுப்பில் ‘ரேட் டிட்டர்மைனிங் ஸ்டெப்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். அதைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘வினைவேகத்தைத் தீர்மானிக்கும் படி’ என்கிறது. இலங்கையில் வினை என்பது தாக்கம், வேகம் என்பது வீதம். எனவே அங்கே வீதம் நிர்ணயிக்கும் படி.

‘டிட்டர்மைன்’ லத்தீனில் எல்லை என்று பொருள்படும் ‘டெர்மினுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. வேகத்துக்கு எல்லை கட்டும் படி என்பதே அடிக்கருத்து. அதனால்தான் எனக்கு ‘தீர்மானிக்கும்’ என்பதைவிட ‘வரையறுக்கும்’ பிடித்திருக்கிறது. வரை என்றாலே எல்லைதானே. தீர்மானம் என்றதும் யாரோ யோசித்து முடிவெடுப்பதுபோல் ஒரு சாயல் வந்துவிடுகிறது.

இன்னொரு சொல்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீதமிருக்கும் அளவுக்கு ஏற்ப வேகம் அமைகிற வினை முதல்வகை வினை. A → B → C என்று அப்படி இரண்டு வினைகள் அடுத்தடுத்து நடக்கும்போது நடுவில் தோன்றி மறைகிற B-யை ‘இடைநிலைப் பொருள்’ என்று எழுதுகிறோம். ஆனால் இடைநிலைத் தனிமங்கள் என்று வேறொரு கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ‘இடைப்பொருள்’ என்றால் குழப்பமில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மருத்துவமனையில் இருக்கிறது. ஸ்கேனுக்குச் செலுத்தும் டெக்னீசியம்-99m கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள் 6 மணி நேரம்தான். வாங்கி அடுக்கி வைக்க முடியாது. அதன் தாயான மாலிப்டினம்-99-க்கு அரை ஆயுள் 66 மணி. ஆகவே தாயை அலுமினா நிரப்பிய சிறு குழாயில் ஒட்டவைத்து, ஈயக் கவசத்துக்குள் அனுப்புகிறார்கள். உப்புநீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வரும். இந்தக் கருவிக்குப் பேச்சுவழக்கில் ‘பசு’ என்றே பெயர், எடுப்பதற்குக் ‘கறப்பது’. அணுச் சிதைவு வேதிவினை அல்ல, ஆனால் கணக்கு அச்சு அசல் முதல்வகை வினைதான். (இங்கே இடைப்பொருளே ஓர் இடைநிலைத் தனிமம் என்பது வேடிக்கை!)

ஆயிரம் தாய் அணுக்களோடு தொடங்குவோம். தாயில் எட்டில் ஒரு பங்கு 99m-ஐத் தொடாமல் நேரே கீழே போய்விடும். கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடலாம். 6 மணி நேரத்தில் இடைப்பொருள் சுமார் 44 அணு, 12-இல் 63. ஏறக்குறைய 23 மணியில் 72 என்ற உச்சம். அந்தக் கணத்தில் பிறக்கும் வேகமும் அழியும் வேகமும் சமம். காலையில் கறந்துவிட்டு மறுநாள் காலையில் கறப்பது வசதியாக அமைவது இதனால்தான். அவசரப்பட்டு 6 மணி நேரத்திலேயே மறுபடி கறந்தால் உச்சத்தில் அறுபது சதவீதத்துக்குச் சற்று மேலேதான் கிடைக்கும்.

சரி, கறக்காமல் விட்டால்? 72 மணியில் 47, 138 மணியில் 23. அதாவது பாதியாகக் குறைய 66 மணி! 6 மணியில் பாதியாக வேண்டிய பொருள் தாயின் நிதானத்தில் இறங்குகிறது. வந்ததும் அழிந்துவிடும், ஆனால் தாய் மெல்ல மெல்லத்தான் தருகிறாள். வேகத்துக்கு எல்லை கட்டுவது முதல் படி.

இங்கேதான் பலர் வழுக்குவார்கள். இடைப்பொருள் இறங்கும் வேகத்தை அளந்து, அதுவே இடைப்பொருளின் சொந்த வேகம் என்று எழுதிவிடுவார்கள். இறங்குமுகம் காட்டுவது இரண்டில் மெதுவான படியை. அது முதலாவதா இரண்டாவதா என்று சொல்லாது. அரை ஆயுள்களை இடம் மாற்றிப் பாருங்கள்: முதல் படிக்கு 6 மணி, இரண்டாவதுக்கு 66. உச்சம் வருவது அதே 23-ஆவது மணியில்தான். அப்புறம் இறங்குவதும் அதே 66 மணிக் கணக்கில்தான். கடைசியில் சேரும் C-யின் வளைகோடோ இரண்டிலும் அப்படியே ஒன்று. அதன் வாய்பாட்டில் இரு வேக மாறிலிகளையும் இடம் மாற்றினாலும் எதுவும் மாறாது.

இடைப்பொருளில் மாறுவது குவியலின் அளவு ஒன்றுதான். முதல் ஏற்பாட்டில் உச்சம் 72, மாற்றிய ஏற்பாட்டில் 787. ஆகவே எந்தப் படி மெதுவானது என்று தெரிய C-யை மட்டும் அளந்தால் போதாது, இடைப்பொருளின் அளவையாவது தாயின் அளவையாவது பார்த்தே ஆக வேண்டும். இடைப்பொருள் கண்ணிலேயே படவில்லை என்றால் முதல் படி மெதுவானது. மலைபோல் குவிந்தால் இரண்டாவது.

இரண்டு அரை ஆயுளும் ஒன்றாக இருந்தால்? இரண்டும் 6 மணி என்றால் உச்சம் சுமார் 8.7 மணி நேரத்தில், ஆயிரத்துக்கு 368. அங்கே எந்தப் படியையும் தனியே கைகாட்ட முடியாது. ‘வேகம் வரையறுக்கும் படி’ என்ற சொல்லுக்கே அங்கு வேலையில்லை.