15 மீட்டர் கோடு: கிடங்கில் எஸ் நடையா, போய்த் திரும்பும் நடையா?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் ஒரு மளிகை விநியோகக் கிடங்கு. பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பட்டாணி வரை உள்ள சின்னக் கடைகளுக்கு அங்கிருந்துதான் சரக்கு போகிறது. கிடங்குகளின் வேலைமுறையைப் பார்த்துச் சரிசெய்வது என் தொழில். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். அதே ஆட்கள், அதே ரேக்குகள், ஆனால் மாலை லாரி கிளம்பும் நேரத்துக்குள் ஆர்டர் முடிவதில்லை என்றார் மேலாளர்.

மறுநாள் காலை, சரக்கு எடுக்கிற அண்ணன் ஒருவரின் பின்னாலேயே நடந்தேன். இரண்டாவது ஆர்டரிலேயே அவர் சொன்னார்: "தம்பி, சாமான் எடுக்கிறது கொஞ்ச நேரம்தான். மத்ததெல்லாம் நடைதான்." அவர் சொன்னது சரி. கை செய்கிற வேலையைவிடக் கால் செய்கிற வேலைதான் அதிகம்.

கிடங்கின் அமைப்பு எளிது. பத்து சந்துகள். ஒவ்வொன்றும் 30 மீட்டர் நீளம், இரு பக்கமும் ரேக். முன்னால் ஒரு குறுக்கு வழி, பின்னால் ஒன்று. ஒரு சந்திலிருந்து அடுத்த சந்துக்கு 4 மீட்டர். பேக்கிங் மேசை முதல் சந்தின் வாயில். இடக்குறியில் முதல் எண் சந்து, அடுத்த எண் வாயிலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே என்பது. 03-24 என்றால் மூன்றாம் சந்தில் 24 மீட்டர் உள்ளே.

அங்கே எல்லாரும் போய்த் திரும்பும் நடைதான் நடந்தார்கள். சந்துக்குள் நுழைவது, கடைசிச் சாமான் வரை போவது, அதே வாயில் வழியாக வெளியே வருவது. எஸ் நடை வேறு. சரக்கு இருக்கிற சந்தில் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியேற வேண்டும், அடுத்த சந்தில் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

சாதாரண மாதத்து ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1, 3, 4, 6, 7, 9 என ஆறு சந்துகள். ஒவ்வொன்றிலும் மிக உள்ளே இருந்த சாமான் முறையே 6, 24, 9, 12, 5, 10 மீட்டரில். கூட்டினால் 66. போய் வந்தால் 132 மீட்டர். எஸ் நடையில் ஆறு சந்தையும் முழுதாகக் கடக்க வேண்டும், 180 மீட்டர். குறுக்கு வழியில் ஒன்பதாம் சந்து வரை போய் வருவது இரண்டுக்கும் 64 மீட்டர்தான். ஆக 196-க்கு 244. போய்த் திரும்புவதில் 48 மீட்டர் மிச்சம். அந்த அண்ணன்கள் கணக்குப் போடாமலேயே சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மிச்சத்தைக் கொடுத்தது நடை இல்லை, சரக்கு வைத்த விதம். சார்டின் டின், மீ, பிஸ்கட், உப்பு என்று தினமும் ஓடுகிற சாமானையெல்லாம் ஒவ்வொரு சந்தின் வாயருகே அடுக்கியிருந்தார்கள். கண்டபடி பரவலாக வைத்திருந்தால் இந்த லாபம் கிடைக்காது. பரவலாக இருக்கும் 30 மீட்டர் சந்தில் ஒரே ஒரு சாமான் எடுக்கப் போனால் சராசரியாக 15 மீட்டர் உள்ளே போக வேண்டும். போய் வர 30. எஸ் நடைக்கும் அதே 30தான். இரண்டு சாமான் என்றால் தூரத்தில் இருப்பது சராசரியாக 20 மீட்டரில் இருக்கும், போய் வர 40. மூன்று என்றால் 45. வாயருகே அடுக்காத கிடங்கில் போய்த் திரும்பும் நடை சந்துக்குள் எதையும் மிச்சம் பிடிக்காது. "பக்கத்துக் கிடங்கில் இப்படித்தான் நடக்கிறார்கள்" என்று முறையை மட்டும் எடுத்து வருபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

தீபாவளி வந்ததும் நடந்தது இதுதான். கடலை மாவு, முறுக்கு மாவு, நெய் டின், முந்திரி எல்லாம் ஆண்டு முழுக்க மெதுவாகப் போகிற சாமான், அதனால் சந்தின் உள்கோடியில் கிடந்தன. இப்போது எல்லாக் கடையும் அதைத்தான் கேட்கிறது. அதே ஆறு சந்துகள், ஆனால் ஆழம் 22, 27, 18, 25, 20, 26 மீட்டர். கூட்டினால் 138, போய் வர 276, குறுக்கு நடையோடு 340 மீட்டர். எஸ் நடைக்கோ அதே 244. ஓர் ஆர்டருக்கு 96 மீட்டர் வீண். மாதக்கணக்கில் சரியாக இருந்த பழக்கம் மூன்று வாரத்துக்குத் தப்பாகிவிட்டது.

தீபாவளிச் சாமானை முன்னால் மாற்றி அடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாற்றினோம். ஆனால் வாயருகே இருக்கிற இடம் அளவானது, சார்டினும் மீயும் அந்த வாரங்களில் ஓடாமலா இருக்கும்? அதனால் நடையையே மாற்றச் சொன்னேன்.

முதல் நாள் நிலைமை இன்னும் மோசமானது. தவறு என்னுடையது: வாயால் மட்டும் சொன்னேன், ஸ்கேனரில் வருகிற பட்டியலைப் பார்க்கவில்லை. பட்டியல் எல்லாச் சந்திலும் சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கே போனது. முதல் சந்தை முடித்துப் பின்வழியாக மூன்றாம் சந்துக்கு வந்தவருக்கு ஸ்கேனர் முதலில் 03-05 கேட்கிறது. கண்ணெதிரே இருக்கும் 03-27ஐத் தாண்டி 25 மீட்டர் நடந்து 05ஐ எடுத்து, திரும்ப 22 மீட்டர் வந்து 27ஐ எடுத்து, முன்வழிக்கு இன்னும் 27 மீட்டர். 30 மீட்டரில் முடிய வேண்டியதற்கு 74.

கணினிப் பிரிவில் இருந்த பையன் உடனே ஒரு வழி சொன்னார்: ஒற்றைப்படைச் சந்து ஏறுவரிசை, இரட்டைப்படை இறங்குவரிசை. கேட்க நன்றாக இருந்தது. எல்லாச் சந்திலும் சாமான் இருக்கிற நாளில் அது சரியாகவும் வரும். ஆனால் நம் ஆர்டரில் 1-க்கு அடுத்து 3. இரண்டும் ஒற்றைப்படை. பின்னால் நிற்கிறவரிடம் மறுபடி முன்னாலிருந்து தொடங்கச் சொல்லும். திசையைச் சந்தின் எண் முடிவு செய்யக் கூடாது, அந்த ஆர்டரில் அது எத்தனையாவதாக வருகிறது என்பதே முடிவு செய்ய வேண்டும். முதலில் போகிற சந்து ஏறுவரிசை, இரண்டாவது இறங்குவரிசை, மூன்றாவது ஏறுவரிசை, இப்படியே. சந்துகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் கடைசிச் சந்தில் மட்டும் போய்த் திரும்ப வேண்டும், அதனால் அதுவும் ஏறுவரிசை. இதைச் செய்ய இரண்டு நாள் ஆனது.

உங்கள் கிடங்கில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனர் பதிவு போதும். ஒரே சந்துக்குள் அடுத்தடுத்த இரண்டு ஸ்கேனுக்கு நடுவே வழக்கத்துக்கு மீறிய இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால், யாரோ சாமானைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறார் என்று அர்த்தம்.

கணக்குக்கு ஓர் எல்லையும் உண்டு. டிராலியைச் சந்துக்குள் திருப்ப முடியாமல் வாயிலேயே நிறுத்திவிட்டுப் போகிற இடங்களில் மேலே சொன்ன தூரம் பொய்த்துவிடும். 5 கிலோ எண்ணெய் பாட்டில் நான்கு அடங்கிய பெட்டி மூன்று வேண்டுமென்றால், அவர் ஒரு முறை இல்லை, மூன்று முறை உள்ளே போகிறார். அங்கே எஸ் நடை பாதித் தூரத்துக்கு முன்பே ஜெயித்துவிடும்.

பிறையில் இப்போது எல்லாச் சந்திலும் 15 மீட்டரில் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறது. காலையில் மேற்பார்வையாளர் அன்றைய ஆர்டர்களில் பத்தை எடுக்கிறார், ஒவ்வொரு சந்திலும் மிக உள்ளே இருக்கிற எண்ணைக் கூட்டிச் சராசரி பார்க்கிறார். 15-க்குக் கீழே என்றால் போய்த் திரும்பும் நடை, மேலே என்றால் எஸ் நடை. பட்டியலின் வரிசையையும் அப்போதே மாற்றிவிடுகிறார். தீபாவளி முடிந்து ஒன்பதாம் நாள் சராசரி 13-க்கு இறங்கியது, பழைய நடைக்கே திரும்பினார்கள்.