தகவமை வெப்ப இதம்: சொல் விளக்கம்

கட்டட வடிவமைப்பாளர்களும் ஆற்றல் சிக்கன விதிகளை வகுப்பவர்களும் ‘அடாப்டிவ் தெர்மல் கம்ஃபர்ட்’ என்ற தொடரை அடிக்கடி ஆள்கிறார்கள். அதைத் ‘தகவமை வெப்ப இதம்’ என்று தமிழில் சொல்லலாம் என்பது என் கருத்து. ஏசி இல்லாமல், சன்னலையும் மின்விசிறியையும் நம்பி இயங்கும் கட்டடத்துக்குள் எந்த வெப்பநிலை வரை இருந்தால் அங்கிருப்பவர்கள் நிறைவாக இருப்பார்கள் என்பதை, வெளியில் நிலவும் வெப்பநிலையைக் கொண்டு கணிக்கும் முறையையே இத்தொடர் குறிக்கிறது. ஆண்டு முழுவதும் 24 டிகிரி என்று ஒரே எண்ணை அது தருவதில்லை. வெளியே வெப்பம் ஏற ஏற, உள்ளே பொறுத்துக்கொள்ளத்தக்க அளவும் ஏறும் என்பதே அதன் அடிப்படை.

மூலச் சொற்களில் சுவையானது ‘கம்ஃபர்ட்’. பிற்கால லத்தீனில் ‘வலுவூட்டு’ என்று பொருள்பட்ட வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் ஆறுதலையும், மிகவும் பின்னரே உடலின் சொகுசையும் குறித்தது. தமிழில் இதற்கு வசதி, சௌகரியம், சுகம், நலம் எனப் பல சொற்கள் கைவசம் உள்ளன. இவற்றுள் ‘வசதி’ என்றதும் நம் மனம் பொருளை நாடிவிடுகிறது. ‘வசதியுள்ள அறை’ என்றால் ஏசி வைத்த அறை என்றுதான் விடுதிக்காரர் புரிந்துகொள்வார். ‘நலம்’ உடல்நலத்தின் பக்கம் இழுக்கிறது. ‘சுகம்’ தேவைக்கு மேற்பட்ட இன்பத்தைச் சுட்டுகிறது. அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் 55ஆம் எண் தரநிலையோ, சூழலின் வெப்பம் குறித்து மனம் கொள்ளும் நிறைவு என்றே இதை வரையறுக்கிறது. இளஞ்சூடான நீரையும் மார்கழி மாதத்து வெயிலையும் ‘இதமாக இருக்கிறது’ என்று நாம் சொல்லும்போது துல்லியமாக அந்த நிறைவைத்தான் சொல்கிறோம். இச்சொல் வடமொழி ‘ஹித’ என்பதன் தமிழ் வடிவம். பொருந்தியது, நன்மையானது என்பது அதன் மூலப்பொருள். தனித்தமிழ் வேண்டுவோருக்கு இது குறையாகப் படலாம். ஆனால் வெப்பத்தோடு சேர்த்துச் சொல்ல இதைவிடப் பழகிய சொல் நம்மிடம் இல்லை.

‘அடாப்ட்’ என்பது ‘ஒன்றுக்குப் பொருந்தச் செய்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. உயிரியல் பாடநூல்கள் நெடுங்காலமாகத் ‘தகவமைப்பு’ என்ற சொல்லை ஆண்டு வருகின்றன. ‘தகு’ என்ற வேரில் பிறந்த ‘தகவு’ என்பதற்குத் தகுதி, பொருத்தம் என்று பொருள். குறளில் ‘தக்கார் தகவிலர்’ என்று வருவதும் இச்சொல்லே. நான் ‘தகவமைப்பு’ என்ற பெயர்ச்சொல்லை விட்டு, ‘தகவமை’ என்று வினைத்தொகையாக நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாலைவனச் செடியின் தகவமைப்பு தலைமுறைகளில் நடந்து முடிந்தது. கட்டடத்தில் இருப்பவர் தகவமைவதோ இன்று காலையிலும் நடந்தது, இப்போதும் நடக்கிறது, பிற்பகலிலும் நடக்கப் போகிறது. சன்னலைத் திறக்கிறார், விசிறியை ஒரு புள்ளி கூட்டுகிறார், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுகிறார், நாற்காலியை வெயில் படாத பக்கம் நகர்த்துகிறார். மூன்று காலத்தையும் உள்ளடக்கும் வினைத்தொகை இதற்குப் பொருந்துகிறது.

‘நேச்சுரலி கண்டிஷன்டு’ என்ற உடன்வரும் தொடரை ‘இயற்கைக் காற்றோட்டமுள்ள’ என்று பெயர்ப்பது போதாது. ‘காற்றுப்பதனி’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், ‘இயற்கைப் பதன இடம்’ எனலாம். ஆஷ்ரே தரநிலை இதற்கு ஒரு நிபந்தனையும் விதிக்கிறது: வெளிக்காற்றுக்குத் திறக்கும் சன்னல்கள் இருக்க வேண்டும், அவற்றைத் திறக்கவும் மூடவும் உள்ளே இருப்பவர்களுக்கே உரிமை இருக்க வேண்டும். பாதுகாப்புக் கருதி ஆணியடித்து மூடிய சன்னலும், கொசுவுக்கு அஞ்சி மாலை ஐந்து மணிக்கே சாத்தப்படும் வலையில்லாத சன்னலும் வரைபடத்தில் சன்னல்கள்தாம். இந்த நிபந்தனையின்படி அவை சுவர்கள்.

இக்கருத்து உருவான வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சார்லஸ் வெப் என்ற ஆய்வாளர் சிங்கப்பூர், பாக்தாத், வட இந்தியாவின் ரூர்க்கி ஆகிய இடங்களில் மக்களின் வெப்ப உணர்வைப் பதிவு செய்து வைத்திருந்தார். ரூர்க்கி, பாக்தாத் பதிவுகளை ஃபெர்கஸ் நிக்கோல் பகுத்தாய்ந்து 1974இல் வெளியிட்டார். நிக்கோலும் மைக்கேல் ஹம்ஃப்ரீஸும் இக்கருத்தை வளர்த்தெடுத்தார்கள். அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது டென்மார்க்கின் ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட முறை. ஆய்வுக்கூட அறைகளில் மாணவர்களை அமர்த்திப் பெற்ற முடிவுகளும் உடலின் வெப்பச் சமநிலைக் கணக்கும் அதன் அடித்தளம். தன் வீட்டிலோ அலுவலகத்திலோ இருப்பவர், ஆய்வறையில் அமர்த்தப்பட்டவரைப் போல் சும்மா இருப்பதில்லை என்பதே தகவமைக் கொள்கையினரின் மறுப்பு. 1998இல் ரிச்சர்டு டி டியர், கெயில் பிரேகர் இருவரும் பல நாடுகளிலிருந்து திரட்டிய ஏறத்தாழ 21,000 பதிவுகளை ஆராய்ந்து ஒரு சமன்பாடு தந்தார்கள். 2004இல் ஆஷ்ரே தரநிலை இந்த முறையை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவுக்கெனத் தனிச் சமன்பாட்டை அகமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக்கழகத்தார், டி டியரையும் சேர்த்துக்கொண்டு, 2014இல் வெளியிட்டார்கள். ‘ஐமேக்’ எனப்படும் இது அகமதாபாத், பெங்களூரு, சென்னை, டெல்லி, சிம்லா ஆகிய ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் பெற்ற ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களிலிருந்து உருவானது. வணிகக் கட்டடங்களுக்கான 2017ஆம் ஆண்டின் ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பில் அது இடம்பெற்றிருக்கிறது. இயற்கைப் பதன இடத்துக்கு அதன் வடிவம் இது:

```
Tn = 0.54 × Tout + 12.83
```

Tn என்பது வெப்பமுமின்றிக் குளிருமின்றித் தோன்றும் நடுநிலை வெப்பநிலை. Tout என்பது கடந்த 30 நாட்களின் வெளி வெப்பநிலைச் சராசரி. நடுநிலையிலிருந்து இருபுறமும் 2.38 டிகிரி வரை விலகினாலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்பார்கள் என்று கொள்ளப்படுகிறது. இந்த இடைவெளிக்கு ‘வரம்பு’ என்ற நம் சொல்லே போதும். வயல் வரப்பையும் குறிக்கும் சொல் அது. இங்கே மட்டும் வரப்பு பருவத்தோடு நகர்கிறது.

சென்னையை எடுத்துக்கொள்வோம். சனவரியில் வெளிச் சராசரி 25 டிகிரி என்றால், நடுநிலை 26.3 ஆகவும் வரம்பு ஏறத்தாழ 24 முதல் 28.7 வரையாகவும் அமையும். ஏப்ரலில் சராசரி 30 ஆகும்போது நடுநிலை 29 ஆகிறது, வரம்பு 26.7 முதல் 31.4 வரை செல்கிறது. சனவரியில் புகார் எழுப்பக்கூடிய 30 டிகிரி, ஏப்ரலில் குறையற்ற அறை. இங்கே பலரும் செய்யும் பிழை, சராசரிக்குப் பதிலாகச் செய்தியில் வரும் உச்ச வெப்பநிலையை இட்டுவிடுவது. 38ஐ இட்டால் நடுநிலையே 33க்கு மேல் போய்விடும். எந்த அறையும் தேறிவிடும். கணக்கில் வந்த நடுநிலை 30ஐத் தாண்டினால் இப்பிழை நேர்ந்திருக்கிறது என்று ஐயப்படலாம்.

இரண்டாவது பிழை உள்ளே அளப்பதில் நேர்கிறது. வரம்போடு ஒப்பிட வேண்டியது காற்றின் வெப்பநிலையை அன்று. காற்றின் வெப்பநிலையும், சுவர், கூரை ஆகியவற்றின் பரப்புகள் வீசும் வெப்பமும் சேர்ந்த அளவை. அமைதியான அறையில் இவ்விரண்டின் சராசரியை எடுத்தால் போதும். இதைச் ‘செயலுறு வெப்பநிலை’ எனலாம். மேற்சொன்ன ஏப்ரல் மாதத்தில், ஒரே கட்டடத்தின் தரைத்தளத்திலும் மேல்தளத்திலும் பிற்பகல் இரண்டு மணிக்குச் சுவர் வெப்பமானி 31 காட்டுகிறது என்று கொள்வோம். தரைத்தளத்தில் சுற்றுப் பரப்புகளின் சராசரி 30 என்றால், செயலுறு வெப்பநிலை 30.5, வரம்புக்குள் இருக்கிறது. மேல்தளத்தில் காலையிலிருந்து காய்ந்த கான்கிரீட் கூரையின் காரணமாக அந்தச் சராசரி 34 ஆகிவிட்டால், செயலுறு வெப்பநிலை 32.5, வரம்பை ஒரு டிகிரிக்கு மேல் தாண்டிவிட்டது. வெப்பமானி இரண்டு அறைகளையும் ஒன்றென்கிறது. மேல்தளத்து ஊழியர் ‘ஒரே வெக்கையாக இருக்கிறது’ என்கிறார். அவர் சொல்வதுதான் சரி. கூரைக்கு வெள்ளைப் பூச்சோ மேலே நிழலோ வேண்டுமே தவிர, இன்னொரு சன்னல் இக்குறையைத் தீர்க்காது.

வெக்கை வேறு, புழுக்கம் வேறு என்று தமிழ் பிரித்து வைத்திருப்பது இத்துறைக்கு மிகவும் பயன்படும் பிரிவு. வெக்கை செயலுறு வெப்பநிலையில் வந்துவிடுகிறது. புழுக்கம், அதாவது காற்றில் ஈரம் மிகுந்து வியர்வை உலராத நிலை, சமன்பாட்டில் தனி உறுப்பாக இல்லவே இல்லை. அந்தந்த ஊரில் பதிலளித்தவர்களின் அனுபவம் வழியாக மறைமுகமாகவே அது நுழைகிறது. ஆகவே கடலோர ஊரில் வரம்பின் மேல்விளிம்பை ஒட்டி வடிவமைப்பவர், ஒவ்வொரு மேசைக்கும் காற்று வீச்சு எட்டுவதை உறுதி செய்ய வேண்டும். ஆஷ்ரே தரநிலை காற்றின் வேகத்துக்குத் தனிச் சலுகை தருகிறது: நொடிக்கு 1.2 மீட்டர் வேகம் இருந்தால் மேல்விளிம்பை 2.2 டிகிரி உயர்த்தலாம். ஆனால் அச்சலுகையை எடுத்து ஐமேக் வரம்பின் மேல் ஏற்றுவது முறையன்று. ஒரு தரநிலையின் சமன்பாட்டுக்கு மற்றொன்றின் சலுகையைப் பொருத்தினால், விசிறியின் பயனை இருமுறை எண்ணிவிட நேரும்.

சொல்லின் எல்லை மே மாதத்தில் தெரிகிறது. ஐமேக்கின் இயற்கைப் பதனச் சமன்பாடு, வெளிச் சராசரி 12.5 முதல் 31 டிகிரி வரை இருக்கும்போது மட்டுமே செல்லும். சென்னையில் கோடை உச்சத்தில் முப்பது நாள் சராசரி 31ஐத் தாண்டிவிடுகிறது. அப்போது நேர்கோட்டை நீட்டிக்கொண்டே போனால் எண் கிடைக்கும்; அந்த எண்ணுக்குக் களத்தில் சான்று இல்லை. சிலர் அந்த வாரங்களுக்கு மட்டும் ஏசி வைத்து, ‘மிக்ஸ்டு மோடு’ எனப்படும் கலப்புப் பதனத்துக்கு மாறுகிறார்கள். அதற்கு ஐமேக் தரும் சமன்பாடு வேறு: சராசரியை 0.28ஆல் பெருக்கி 17.87ஐக் கூட்ட வேண்டும்; விலகல் 3.46. வெளிச் சராசரி 31 ஆக இருக்கையில் இயற்கைப் பதனத்தின் மேல்விளிம்பு ஏறத்தாழ 32, கலப்புப் பதனத்தின் மேல்விளிம்பு 30. வெயில் ஒன்றே, ஊர் ஒன்றே. ஏசி கிடைக்கும் என்று தெரிந்த கட்டடத்தில் இருப்பவரின் எதிர்பார்ப்பு மாறிவிடுவதால், இரண்டு டிகிரி கீழிறங்கிவிடுகிறது.